நாலு ஆப், நாலு பதில்: எதைப் பார்த்து யூரியா போடுவது?

வாசகர் கேள்வி

ஐயா, குறிஞ்சிப்பாடி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நஞ்சை. சம்பா போடுகிறேன். போன ஐப்பசியில் மேலுரம் போடவேண்டிய நாளில் காலையில் போனைப் பார்த்தேன். வெயில் படம், மழை வாய்ப்பு 10 சதவீதம் என்று இருந்தது. யூரியா தூவினோம். விடிவதற்குள் ஏழு சென்டிமீட்டர் கொட்டி, வரப்பு வழிந்து எல்லாம் போய்விட்டது. தை மாதம் அதற்குத் தலைகீழ். இன்னொரு ஆப்பில் அடுத்த வாரம் முழுக்க இடிமழை என்று படம் போட்டிருந்தது. பயந்துபோய் அறுவடை மெஷினைத் திருப்பி அனுப்பினேன். ஒரு சொட்டு விழவில்லை, மெஷின் மறுபடி கிடைக்கப் பத்து நாள் ஆனது. இப்போது போனில் நாலு ஆப் இருக்கிறது, நாலும் நாலு விதம். என் மகன் தினமும் பைக்கில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறான், அவனுக்கும் இதே குழப்பம். எந்த ஒரு ஆப்பை நம்பலாம்? காசு கட்டும் ஆப் வாங்கினால் சரியாக இருக்குமா? ஆப் தப்பாகச் சொன்னதற்கு ஸ்க்ரீன்ஷாட் வைத்திருக்கிறேன், அதைக் காட்டி நஷ்டஈடு கேட்கலாமா?

– பெயர் வேண்டாம், கடலூர் மாவட்டம்

வேளாண் வானிலை ஆலோசகரின் பதில்

வணக்கம். ஒரே ஒரு ஆப்பின் பெயரைச் சொல்லி முடித்துவிட்டால் உங்களுக்கும் எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அப்படிச் சொன்னால் அடுத்த தையில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். உங்களுக்கு நடந்த இரண்டும் வேறு வேறு வகைத் தவறுகள். ஐப்பசியில் வந்த மழையை ஆப் சொல்லவில்லை. தையில் வராத மழையைச் சொன்னது. முதல் வகையைக் குறைக்கும் ஆப் பெரும்பாலும் இரண்டாவது வகையைக் கூட்டும். அதனால் உரத்துக்கு ஒரு பார்வை, அறுவடைக்கு ஒரு பார்வை, மகனின் பைக்குக்கு ஒரு பார்வை என்று பிரித்துக்கொள்வதுதான் வழி.

அதற்கு முன்னால் போனில் தெரியும் எண்ணும் படமும் யார் சொன்னவை என்று பார்த்துவிடலாம். போனோடு வரும் ஆப்பில் உள்ள வெயில் படத்தையும் மேகப் படத்தையும் யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடுவதில்லை. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ், ஐரோப்பிய மையத்தின் ஈசிஎம்டபிள்யூஎஃப் மாதிரியான உலக அளவிலான கணினிக் கணக்கீடுகள் சில இருக்கின்றன. பெரும்பாலான ஆப்கள் அவற்றில் ஒன்றையோ, சிலவற்றின் கலவையையோ எடுத்து, தங்கள் வசதிக்கு மெருகேற்றிக் காட்டுகின்றன. இந்தக் கணக்கீடுகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பார்ப்பவை. ஐரோப்பியக் கணக்கில் ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்கக் கணக்கில் சுமார் 13 கிலோமீட்டர். நீங்கள் உங்கள் ஊர்ப் பெயரைத் தட்டியதும் அந்தப் பெயரிலேயே முன்னறிவிப்பு வருகிறதே, அது உங்கள் ஊருக்கென்று போட்ட கணக்கு இல்லை. பக்கத்துக் கட்டங்களின் எண்ணை எடுத்து உங்கள் ஊர்ப் பெயரை மேலே ஒட்டியது, அவ்வளவுதான்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்ட வாரியாக வெளியிடும் எச்சரிக்கை வேறு வகை. இதே கணக்கீடுகளோடு செயற்கைக்கோள் படம், ரேடார், நிலைய அளவுகள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஒரு முன்னறிவிப்பாளர் பார்த்து முடிவு செய்து போடுவது அது. மெஷின் சொன்னதா, மனிதர் பார்த்துச் சொன்னதா என்ற கேள்வியை எந்த ஆப்பைத் திறந்தாலும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு ஆப் நாலு விதம் சொல்கிறது என்றால் நாலு நிபுணர்கள் சண்டை போடுகிறார்கள் என்று அர்த்தமில்லை. நாலு கணக்கு ஒத்துவரவில்லை, நிலவரம் இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம். அதுவே உங்களுக்கு ஒரு தகவல்தான்.

அந்த ஐப்பசி ராத்திரி என்ன நடந்திருக்கும்?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கடலோரத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பகலில் வெயிலடித்துவிட்டு, நடுராத்திரிக்கு மேல் கடலிலிருந்து மேகக் கூட்டம் ஏறிவந்து விடியற்காலை வரை பொழியும். மரக்காணத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரைக்கும் இதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆப்பில் ‘இன்று’ என்று போட்டிருக்கும் கட்டமோ நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடுகிறது. சில ஆப்கள் பகல் நேரத்துக்கு மட்டும் ஒரு படம் போட்டு, இரவை உள்ளே வேறு பக்கத்தில் வைத்திருக்கும். ராத்திரி 2 மணிக்குப் பெய்த மழை ‘நாளை’ கட்டத்தில் இருந்திருக்கலாம். நீங்கள் பார்த்தது ‘இன்று’. எனக்கு இந்தச் சந்தேகம்தான் பலமாக இருக்கிறது.

வானிலைத் துறையின் மழை நாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30க்கு முடிகிறது. செய்தியில் ‘நேற்று கடலூரில் இத்தனை சென்டிமீட்டர்’ என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். விவசாயிக்கும் இதுதான் சரியான நாள். அதனால் உரம் போடும் முன் எந்த ஆப்பாக இருந்தாலும் மணிவாரிப் பக்கத்தைத் திறந்து, அப்போதிலிருந்து மறுநாள் காலை வரை விரலால் தள்ளிப் பாருங்கள்.

பார்க்கும் நேரமும் முக்கியம். பெரிய கணக்கீடுகள் நம் நேரப்படி காலை 5.30 நிலவரத்தையும் மாலை 5.30 நிலவரத்தையும் வைத்து ஓடுகின்றன. ஓடி முடித்து நம் கைக்கு வரப் பல மணி நேரம் பிடிக்கும். ஐரோப்பியக் கணக்கு வந்துசேர மதியம் ஆகிவிடும். காலை 6 மணிக்கு நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முந்தின நாள் நிலவரத்தை வைத்துப் போட்டது. மதியம் ஒரு மணிக்கு மேல் இன்னொரு முறை பார்த்துவிட்டு, மறுநாள் காலைக்கு ஆள் சொல்வது நல்லது.

அப்புறம் அந்த 10 சதவீதம். அளக்கக்கூடிய அளவு மழை விழ அந்த நேரத்துக்குள் எத்தனை வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். எவ்வளவு பெய்யும் என்பதை அது சொல்வதே இல்லை. 80 சதவீதம் என்று போட்டு 2 மில்லிமீட்டர் தூறினால் அந்த ஆப் சரியாகத்தான் சொன்னது. உங்கள் வயலுக்கு அந்தத் தூறல் ஒரு பொருட்டே இல்லை. சதவீதத்தின் பக்கத்தில் மில்லிமீட்டர் அளவையும் காட்டாத ஆப் விவசாயத்துக்கு உதவாது. வடிகட்டும்போது முதலில் அதைத் தள்ளிவிடுங்கள்.

மில்லிமீட்டரை வரப்போடு சேர்த்துப் பாருங்கள்

ஒரு ஏக்கரில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். உங்கள் வயலில் வரப்பு வழியாமல் இன்னும் 3 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்க இடம் இருக்கிறது என்று வையுங்கள். 20 மில்லிமீட்டர் மழை வந்தால் யூரியா வயலுக்குள்ளேயே இருக்கும், நஷ்டம் அதிகமில்லை. 50 மில்லிமீட்டர் வந்தால் வழிந்து வாய்க்காலுக்குப் போகும். ஆக ‘மழை வருமா’ என்று ஆப்பிடம் கேட்பதை விட, ‘நாளைக் காலைக்குள் 30 மில்லிமீட்டரைத் தாண்ட வாய்ப்பு இருக்கிறதா’ என்று கேட்பதுதான் உங்களுக்கு உதவும். அந்த 30 என்ற எண்ணை உங்கள் வரப்பை அளந்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

வானிலைத் துறையின் அறிவிப்புச் சொற்களுக்கும் இப்படி அளவு உண்டு. மிதமான மழை என்றால் 24 மணி நேரத்தில் 15.6 முதல் 64.4 மில்லிமீட்டர் வரை. கனமழை 64.5 முதல் 115.5 வரை. மிக கனமழை 204.4 வரை. அதற்கு மேல் அதி கனமழை. கவனித்தீர்களா? ‘மிதமான மழை’ என்று சாதுவாகச் சொன்னாலும் உங்கள் வரப்பு வழியலாம். மஞ்சள் எச்சரிக்கைகூட இல்லாத நாளில் யூரியா போய்விட்டதே என்று அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த எச்சரிக்கை உங்கள் யூரியாவை நினைத்துப் போட்டது இல்லை.

‘ரெட் அலர்ட் விட்டார்கள், எங்கள் ஊரில் மழையே இல்லை’ என்ற பேச்சுக்கும் இதே இடத்தில் பதில் இருக்கிறது. அறிவிப்பில் ‘ஓரிரு இடங்களில்’ என்று வந்தால், அந்தப் பகுதியில் உள்ள மழை அளவு நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யும் என்று பொருள். கடலூர் மாவட்டம் கடற்கரையில் தொடங்கித் திட்டக்குடி வரை போகிறது. சிதம்பரத்தில் 22 சென்டிமீட்டர் பெய்தால் மாவட்டத்துக்குக் கொடுத்த எச்சரிக்கை பலித்துவிட்டது. விருத்தாசலத்துக்காரர் வெயிலில் நின்றுகொண்டு திட்டுவார். இருவர் சொல்வதும் சரிதான்.

போனில் எவற்றை வைத்துக்கொள்ளலாம்?

மழை அளவைப் பார்க்க நாலு ஆப் தேவையில்லை. அரசு ஆப் ஒன்றிரண்டும், கணக்கீடுகளை ஒப்பிட்டுக் காட்டும் ஆப் ஒன்றும் போதும்.

வானிலைத் துறையின் சொந்த ஆப் Mausam. மாவட்டத்துக்கு ஐந்து நாள் வண்ண எச்சரிக்கை, அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி அறிவிப்பு, ரேடார் படம் மூன்றும் இதில் கிடைக்கும். நகரங்களுக்கான ஏழு நாள் முன்னறிவிப்பும் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது எச்சரிக்கைப் பக்கத்தை. 2019ல் வந்த Meghdoot விவசாயிகளுக்கென்றே செய்தது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நாள் முன்னறிவிப்போடு பயிர் ஆலோசனையும் தமிழில் வரும். வாரத்துக்கு இரண்டு முறைதான் புதுப்பிக்கிறார்கள் என்பதால், இன்று மாலை மழை வருமா என்று அதில் தேடுவது வீண். அந்த வாரத்தில் எந்த நாள் உரம், எந்த நாள் மருந்து என்று உத்தேசமாகப் பிரித்துவைக்க அது போதும்.

மூன்றாவது, பல கணக்கீடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் காட்டும் ஆப் ஒன்று. Windy அப்படிப்பட்டது, காசு கட்டாமலே ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்கள் வயலில் நின்றுகொண்டு வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டு, ஒப்பிடும் பக்கத்தைத் திறங்கள். ஐரோப்பியக் கணக்கு 8 மில்லிமீட்டர், அமெரிக்கக் கணக்கு 5, மூன்றாவது 10 என்று காட்டினால் கணக்குகள் ஒத்துப்போகின்றன, ஓரளவு நம்பலாம். ஒன்று 2, ஒன்று 60 என்றால் சராசரி 31 என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எது வேண்டுமானாலும் நடக்கலாம், எது என்று யாருக்கும் இன்னும் தெரியவில்லை. அன்றைக்கு உரம் வேண்டாம்.

காசு கட்டும் ஆப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் அந்தக் காசுக்கு விளம்பரம் போகும், மணிவாரிப் பக்கம் இன்னும் சில நாள் நீளும், ரேடார் படம் அழகாக ஓடும். அடியில் இருப்பது அதே கணக்கீடுதான். முதல் வருஷம் கட்டவேண்டாம் என்பது என் கருத்து.

எந்த ஆப்பிலும் ஆறாவது, ஏழாவது நாளுக்கு அப்பால் ‘வியாழன் மாலை 4 மணிக்கு இடிமழை’ என்று வருவதைக் கண்ணில் படாத மாதிரி விட்டுவிடுங்கள். அத்தனை தூரத்துக்கு நாளும் அளவும் சொல்லும் திறமை எந்தக் கணக்குக்கும் இல்லை. உங்கள் தை மாதக் கதை இதில்தான் மாட்டியது என்று நினைக்கிறேன். தை பிறக்கும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை விலகும் தறுவாயில் இருக்கும். அதற்குப் பிறகு நமக்கு நாள்கணக்கில் மழை வரவேண்டுமானால், வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலையோ கிழக்கிலிருந்து வரும் காற்று அலையோ வேண்டும். அப்படி ஒன்று வருவதாக இருந்தால் மூன்று நான்கு நாள் முன்பே வானிலைத் துறை அறிக்கையில் அது பற்றிப் பேச்சு அடிபடும். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஒரே ஒரு ஆப் மட்டும் ஒரு வாரம் இடிமழை போட்டால், மெஷினைத் திருப்பி அனுப்ப அது போதாது.

உங்கள் வயலில் எது தேறுகிறது?

பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் சிபாரிசை விட உங்கள் வயலில் இருக்கும் ஒரு மழைமானி மேல். பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கிறது. இல்லையென்றால் வாயும் அடியும் ஒரே அகலத்தில், நேராக இருக்கும் ஒரு டப்பா போதும். உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர். வாளி மாதிரி மேலே அகன்று கீழே ஒடுங்கியது ஆகாது, கணக்கு தப்பும். மரம், மோட்டார் கொட்டகை எதற்கும் அருகில் வைக்காதீர்கள். தென்னை பத்து மீட்டர் உயரம் என்றால் குறைந்தது இருபது மீட்டர் தள்ளி வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து, நோட்டில் எழுதி, கொட்டிவிடுங்கள்.

நோட்டில் இன்னொரு பத்தியும் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், சாயங்காலம் 6 மணி என்று வையுங்கள், ஒவ்வொரு ஆப்பும் மறுநாள் காலை 8.30 வரைக்கும், அதிலிருந்து அடுத்த 24 மணி நேரத்துக்கும் எத்தனை மில்லிமீட்டர் சொல்கிறது என்று எழுதுங்கள். மறந்துவிட்டு அப்புறம் எழுதினால் கை தானாகவே சரியாக வந்ததை எழுதும். அந்த நாளை விட்டுவிடுங்கள்.

ஒரு மாதம் முடிந்ததும் எப்படிப் பார்ப்பது என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 30 நாளில் 15 நாள் உங்கள் மானியில் நல்ல மழை விழுந்திருக்கிறது. முதல் ஆப் 20 நாள் மழை வரும் என்றது. அதில் 13 நாள் வந்தது, 7 நாள் ஏமாற்றியது. வந்த மழையில் 2 நாளைச் சொல்லாமல் விட்டது. இரண்டாவது ஆப் 11 நாள்தான் மழை என்றது. அதில் 9 நாள் வந்தது, 2 நாள் ஏமாற்றியது. ஆனால் வந்த மழையில் 6 நாளைக் கோட்டை விட்டது. மழை சொன்னதும் வந்தது, இல்லை என்றதும் வரவில்லை, இரண்டையும் கூட்டினால் முதல் ஆப் 21 நாள் சரி, இரண்டாவது ஆப் 22 நாள் சரி. மார்க்கை மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் கெட்டிக்கார ஆப்.

இப்போது யூரியாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். சம்பாவுக்கு ஒரு தவணை மேலுரம் ஏக்கருக்கு உத்தேசமாக 33 கிலோ யூரியா என்றால், மூன்று ஏக்கருக்கு சுமார் 100 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் இரண்டேகால் மூட்டை. மானிய விலையில் மூட்டை 266 ரூபாய் சொச்சம். அதாவது 600 ரூபாய் உரம், அதற்கு மேல் தூவும் கூலி, அதற்கும் மேல் மறுபடி மூட்டை கிடைக்கக் கடையில் நிற்பது. தூர் கட்டும் பருவத்தில் இரண்டு நாள் தள்ளிப் போடுவதால் என்ன போய்விடும்? அநேகமாக ஒன்றுமில்லை. வீணாகத் தள்ளிப்போடுவது மலிவு, மழையைத் தவறவிடுவதுதான் செலவு. ஆகவே உரத்துக்கு முதல் ஆப். அது ஏழு நாள் ஏமாற்றினாலும் பரவாயில்லை, இரண்டு நாள்தானே கோட்டை விட்டது.

அறுவடையில் கணக்கு மாறுகிறது. மெஷின் முறையை விட்டால் பத்து நாள் என்று நீங்களே அனுபவப்பட்டுவிட்டீர்கள். முற்றிய கதிர் நிற்க நிற்க மணி உதிரும், காற்றடித்தால் சாயும். இங்கே வீண் பயமும் செலவுதான். மழை என்று அது சொன்னால் பெரும்பாலும் பெய்துவிடுகிற இரண்டாவது ஆப்புக்கு இங்கே மதிப்பு அதிகம். ஆனால் அது சும்மா இருந்தால் மழை இல்லை என்று ஆகிவிடாது, ஆறு நாள் விட்டிருக்கிறதே. அதனால் அதோடு வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கையையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் மழை என்றால் மெஷினைத் தள்ளிப்போடுங்கள். ஒன்று மட்டும் என்றால் மெஷின்காரரிடம் ஒரு நாள் அவகாசம் கேட்டு, மறுநாள் மதியம் திரும்பப் பாருங்கள்.

இந்த நோட்டை மழைக்காலத்தில்தான் போடவேண்டும். பங்குனி, சித்திரையில் போட்டால் தினமும் ‘மழை இல்லை’ என்று சொல்லும் மக்கு ஆப்புக்கும் 30க்கு 28 மார்க் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகைதான் சோதனைக்கு ஏற்ற மாதங்கள்.

மகனுக்கு

அவருக்கு ஐந்து நாள் முன்னறிவிப்பு தேவையே இல்லை. வேலை முடிந்து கிளம்பும்போது அடுத்த ஒன்றரை மணி நேரத்தில் கிருமாம்பாக்கம், ரெட்டிச்சாவடி பக்கம் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதற்குச் சதவீதத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ரேடாரைப் பார்க்கச் சொல்லுங்கள். வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் கடலூருக்குப் பக்கம், சென்னை ரேடார் தூரம். தூரம் கூடக் கூட ரேடாரின் கதிர் தரையிலிருந்து உயரமாகப் போவதால், சென்னைப் படத்தில் நம் பக்கத்துத் தாழ்வான மழை மேகம் சில நேரம் தெரியாமல் போகும். எனவே முதலில் காரைக்கால், பிறகு சென்னை.

படத்தைத் திறந்ததும் அதில் உள்ள நேரத்தைப் பார்க்கவேண்டும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை புதுப் படம் வரவேண்டும். ஆனால் ரேடார் பழுதாகி நின்றால் பழைய படமே தொங்கிக்கொண்டிருக்கும். நேரம் UTC என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். 12:30 UTC என்றால் நமக்கு மாலை 6 மணி. பிறகு அரை மணி நேர இடைவெளியில் இரண்டு படங்களைப் பார்த்தால், மேகம் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று தெரியும். ஆடி, ஆவணி மாலைகளில் விழுப்புரம் பக்கமிருந்து கிழக்கே வரும் இடிமழைக்கு இது நன்றாக வேலை செய்யும். மேகம் அரை மணியில் 15 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது, புதுச்சேரிக்கு இன்னும் 30 கிலோமீட்டர் இருக்கிறது என்றால், உத்தேசமாக ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது. ஐப்பசியில் கடலிலிருந்து வரும் சின்னச் சின்ன மேகங்கள் வழியிலேயே கரையும், வழியிலேயே புதிதாக முளைக்கும். அப்போது அரை மணி நேரத்துக்கு மேல் ரேடாரை நம்பக்கூடாது.

அவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீடு ஒரு மாநிலத்தில், வேலை ஒரு யூனியன் பிரதேசத்தில். தமிழ்நாடு அரசின் TN-Alert தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கானது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் Sachet ஆப்பில் கடலூர், புதுச்சேரி இரண்டையும் அவர் வைத்துக்கொள்ளட்டும். மின்னலுக்கு Damini இருக்கிறது. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்துக்குள் மின்னல் விழுந்தால் காட்டும். வயல்வெளியில் நிற்கும் உங்களுக்கும் அது வேண்டும். மழை அளவை அதில் தேடவேண்டாம்.

இவற்றை நிறுவியதும் போன் செட்டிங்கில் இரண்டு இடங்களைச் சரிசெய்யுங்கள். இருப்பிட அனுமதியை ‘எப்போதும்’ என்று வையுங்கள். பேட்டரி மிச்சம் பிடிக்கும் வசதியிலிருந்து இந்த ஆப்களுக்கு விலக்குக் கொடுங்கள். பல போன்கள் ஓரிரு நாள் திறக்காத ஆப்பைத் தூங்கவைத்துவிடும். எச்சரிக்கை வரவில்லை என்ற புகாரில் பாதி இங்கேதான் முடிகிறது.

ஆப்பில் தெரியாத தண்ணீர்

மழை நின்ற பிறகும் உங்கள் பகுதிக்கு ஆபத்து முடிவதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பல மணி நேரம் அங்கேயே நகராமல் நின்றது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. அதற்கு அடுத்த நாள் மழை மேற்கே ஊத்தங்கரைப் பக்கம் போய்க் கொட்டியது. சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை வழியாகக் கடலூருக்கு வெள்ளம் வந்தது. அன்றைக்குக் கடலூருக்கான மழைப் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது தெரிந்திருக்காது. மகன் தினமும் தாண்டுவது அந்தத் தென்பெண்ணையைத்தான். உங்கள் வயலுக்குப் பரவனாறும் பெருமாள் ஏரியும். அணை, ஏரித் திறப்பு பற்றிய மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை மழை ஆப்புக்கு வெளியே தனியாகக் கவனிக்கவேண்டும்.

ஸ்க்ரீன்ஷாட்டும் நஷ்டஈடும்

ஆப் நிறுவனத்திடம் கேட்டுப் பயனில்லை. முன்னறிவிப்பு தவறினால் பொறுப்பில்லை என்று அவர்களுடைய நிபந்தனையிலேயே பொதுவாக எழுதியிருப்பார்கள். நீங்கள் படிக்காமல் ‘சரி’ அழுத்தியது அதற்குத்தான். அரசு நிவாரணத்துக்கும் ஸ்க்ரீன்ஷாட் உதவாது. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ என்று வருவாய்த் துறையும் வேளாண் துறையும் வயலைப் பார்த்துக் கணக்கெடுத்தால்தான் நிவாரணம். வழிந்துபோன யூரியா இதில் எங்கேயும் அடங்காது, அதை மறந்துவிடுங்கள்.

பயிர்க் காப்பீட்டில் உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அங்கே முக்கியம் நேரம். நிற்கும் நெல்லுக்கான இழப்பைப் பொதுவாக உங்கள் ஒரு வயலை வைத்து முடிவு செய்வதில்லை. அறிவிக்கப்பட்ட பகுதியில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து, வந்த மகசூலை வைத்துப் பார்க்கிறார்கள். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ நனைந்தால், அறுத்த நாளிலிருந்து 14 நாள் வரை தனி நபர் வாரியாகக் கேட்கத் திட்டத்தில் இடம் உண்டு. அந்தப் பிரிவு உங்கள் பயிருக்கும் அந்தப் பருவத்துக்கும் மாநில அறிவிக்கையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பதிவு செய்யும்போதே வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுவிடுங்கள். சேர்த்திருந்தால், சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ, காப்பீட்டு ஆப்பிலோ, வங்கியிலோ தகவல் சொல்லவேண்டும். தேதியும் இருப்பிடமும் பதியும்படி வயலைப் போட்டோ எடுங்கள், புகார் எண்ணை எழுதி வையுங்கள். மழைமானி நோட்டு அதிகாரபூர்வ ஆவணம் ஆகாது. ஆனாலும் கள ஆய்வுக்கு வருபவரிடம் எந்த ராத்திரி எவ்வளவு விழுந்தது என்று தயங்காமல் சொல்ல அது உதவும்.